கம்பெனி கடன் வாங்கவும் சொத்தை ஈடு வைக்கவும் போர்டு தீர்மானம் எழுதுவது எப்படி?

வங்கியிலிருந்து சேங்ஷன் லெட்டர் வந்துவிட்டது. அதோடு ஒரு வெற்றுப் படிவமும் வரும்: "இந்த மாதிரியில் போர்டு ரெசல்யூஷன் கொடுங்கள்." பெரும்பாலான சிறு கம்பெனிகளில் அந்தப் படிவத்தில் பெயரை மட்டும் நிரப்பி, லெட்டர்ஹெட்டில் அடித்து, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். அந்தப் படிவம் வங்கியின் பாதுகாப்புக்காக எழுதப்பட்டது. கம்பெனி எவ்வளவுக்கு மேல் கடன்படக் கூடாது, எந்தச் சொத்து ஈட்டுக்குள் வரக் கூடாது, யார் தனியாகக் கையெழுத்துப் போடக் கூடாது என்பதையெல்லாம் அது சொல்லாது. அவற்றை நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும்.

நிறுவனச் செயலர் வேலையில் இப்படிப்பட்ட தீர்மானங்களை அடிக்கடி எழுதுகிறேன். என் அனுபவத்தில் தவறுகளில் பாதிக்கு ஒரே காரணம்தான். கடன் வாங்கும் அதிகாரம், சொத்தை ஈடு வைக்கும் அதிகாரம், ஆவணங்களில் கையெழுத்திடும் அதிகாரம் ஆகிய மூன்றும் தனித்தனி. மூன்றையும் ஒரே நீண்ட வாக்கியத்தில் அடைத்தால் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். அதனால் கீழே ஒவ்வொன்றையும் தனிப் பத்தியாக எழுதிக் காட்டுகிறேன். வங்கிக்குப் போகும் படி ஆங்கிலத்தில் இருந்தாலும், வாசகத்தை முதலில் தமிழில் தெளிவாக்கிக்கொண்டால் கையெழுத்திடும் இயக்குநர்களுக்கும் தாங்கள் எதற்குச் சம்மதிக்கிறோம் என்று புரியும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு கம்பெனி

கோவைப் பக்கம் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்று வைத்துக்கொள்வோம். இயக்குநர்கள் மூன்று பேர். செலுத்தப்பட்ட பங்கு மூலதனம் 50 லட்சம், தடையற்ற கையிருப்பு, அதாவது பங்காதாயமாகத் தரத் தடையில்லாத சேர்ந்த லாபம், 1 கோடியே 40 லட்சம். டெலிவரி வண்டிக்காக வேறொரு வங்கியில் வாங்கிய கடனில் 15 லட்சம் பாக்கி. புதிய வங்கி மூன்று வசதிகள் கொடுத்திருக்கிறது: சி.என்.சி. எந்திரங்களுக்கு 1 கோடியே 80 லட்சம் டேர்ம் லோன், நடைமுறைச் செலவுக்கு 1 கோடியே 20 லட்சம் கேஷ் கிரெடிட், டெண்டர்களுக்காக 25 லட்சம் பேங்க் கியாரண்டி. மொத்தம் 3 கோடியே 25 லட்சம்.

ஈடாகக் கேட்பவை: புதிய எந்திரங்கள், சரக்கு, வரவேண்டிய பாக்கிகள், கம்பெனி பெயரில் இருக்கும் தொழிற்கூட நிலம். இவற்றோடு ஒரு இயக்குநரின் சொந்த வீடு.

எழுத உட்காரும் முன்

முதலில் மூன்று காகிதங்களை மேசையில் விரித்துவையுங்கள்: சேங்ஷன் லெட்டர், கம்பெனியின் சங்க விதிகள், கடைசித் தணிக்கைக் கணக்கு.

சங்க விதிகளில் கடன் வாங்கும் அதிகாரம் பற்றிய விதியைத் தேடுங்கள். பழைய கம்பெனிகள் பலவற்றில் இயக்குநர்கள் இவ்வளவுக்கு மேல் கடன் வாங்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கும். கம்பெனிகள் சட்டம் 2013-இன் பிரிவு 180 பிரைவேட் கம்பெனிக்குப் பொருந்தாது என்று 5 ஜூன் 2015 அறிவிக்கை விலக்கு தந்தது. அதை வைத்து, "நமக்கு வரம்பே கிடையாது" என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். விலக்கு சட்டத்தின் வரம்புக்குத்தான். நம் சொந்த விதிகளில் இருக்கும் வரம்பு அப்படியே நிற்கும். அதை மீற வேண்டுமானால் முதலில் விதியைத் திருத்த வேண்டும்.

அந்த விலக்குக்கும் 2017-இல் ஒரு நிபந்தனை சேர்ந்தது. ஆண்டுக் கணக்கையும் ஆண்டு அறிக்கையையும் பதிவாளரிடம் தாக்கல் செய்வதில் தவறியிருக்கக் கூடாது. எனவே அவை இரண்டும் தாக்கலாகியிருப்பதற்கான ரசீதை எடுத்துப் பார்த்த பிறகே மேலே போங்கள்.

பப்ளிக் கம்பெனி என்றால் கணக்கு எப்படி மாறும் என்று நம் எண்களிலேயே பார்க்கலாம். பிரிவு 180(1)(சி)-யின்படி, செலுத்தப்பட்ட மூலதனம், தடையற்ற கையிருப்பு, பங்கு பிரீமியம் மூன்றின் கூட்டுத்தொகையைக் கடன் தாண்டினால் பங்குதாரர்களின் சிறப்புத் தீர்மானம் வேண்டும். இங்கே அந்த எல்லை 1 கோடியே 90 லட்சம். கேட்டவுடன் திருப்பித் தரவேண்டிய கேஷ் கிரெடிட் போன்ற தற்காலிகக் கடன்கள் இந்தக் கணக்கில் வராது. பேங்க் கியாரண்டியில் பணம் கைக்கு வராததால் அதுவும் சேராது. ஆனால் டேர்ம் லோன் 1 கோடியே 80 லட்சத்தோடு வண்டிக் கடன் பாக்கி 15 லட்சத்தையும் சேர்த்தால் 1 கோடியே 95 லட்சம். ஐந்து லட்சத்தில் எல்லை தாண்டிவிட்டது. பழைய கடனைச் சேர்க்க மறப்பவர்கள் இதைக் கவனிக்கவே மாட்டார்கள். எல்லையை மீறி வாங்கிய கடன் செல்லாது. நல்லெண்ணத்தில், மீறல் தெரியாமல் கொடுத்தேன் என்று கடன் கொடுத்தவர் நிரூபித்தால்தான் அதற்கு உயிர். எந்த வங்கியும் அந்த நிலைக்குப் போக விரும்பாது.

கூட்டம் உண்மையில் நடக்க வேண்டும்

கடன் வாங்கும் அதிகாரம் பிரிவு 179(3)(டி)-யில் இருக்கிறது. அந்தப் பிரிவில் உள்ளவற்றைப் போர்டு கூட்டத்தில்தான் முடிவுசெய்ய முடியும். சுற்றறிக்கைத் தீர்மானமாக, அதாவது தாளை ஒவ்வொருவரிடமும் அனுப்பிக் கையெழுத்து வாங்கி நிறைவேற்ற முடியாது. வாட்ஸ்அப் குழுவில் "சம்மதம்" என்று மூன்று பேரும் போட்டதைத் தீர்மானமாக மாற்ற முடியுமா என்று கேட்பவர்கள் இன்றும் உண்டு. முடியாது. காணொளி வழியாகக் கூட்டம் நடத்தலாம், அதற்குரிய நடைமுறையோடு.

ஏழு நாள் முன்னறிவிப்பு கொடுங்கள், இணைப்பில் சேங்ஷன் லெட்டரையும் தீர்மான வரைவையும் வையுங்கள். குறைவெண், அதாவது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டியவர்களின் எண்ணிக்கை, மொத்த இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்கு அல்லது இரண்டு பேர், இதில் எது அதிகமோ அது. நம் கம்பெனிக்கு இரண்டு பேர்.

முதல் பத்தி: கடன்

> "கம்பெனிகள் சட்டம் 2013-இன் பிரிவு 179(3)(டி) மற்றும் சங்க விதிகளின்படி, ______ வங்கியின் ______ கிளையிடமிருந்து, அதன் ______ தேதியிட்ட ______ எண்ணுள்ள அனுமதிக் கடிதத்தில் கண்ட விதிமுறைகளின்படி, கீழ்க்கண்ட வசதிகளைப் பெறப் போர்டு ஒப்புதல் அளிக்கிறது: (1) டேர்ம் லோன், அசல் ரூ.1,80,00,000-க்கு மிகாமல், (2) கேஷ் கிரெடிட், எந்தச் சமயத்திலும் நிலுவையில் இருக்கும் அசல் ரூ.1,20,00,000-க்கு மிகாமல், (3) பேங்க் கியாரண்டி, எந்தச் சமயத்திலும் நடப்பில் இருப்பவற்றின் மொத்தம் ரூ.25,00,000-க்கு மிகாமல். மூன்றும் சேர்ந்து எந்தச் சமயத்திலும் ரூ.3,25,00,000-ஐத் தாண்டக் கூடாது. வட்டி, கமிஷன், வங்கிக் கட்டணங்கள் இந்த வரம்பில் சேரா."

இந்தப் பத்தியில் மிக முக்கியமானது "எந்தச் சமயத்திலும் நிலுவையில் இருக்கும்" என்ற சொற்கள். கேஷ் கிரெடிட் கணக்கில் பணம் போவதும் வருவதுமாக இருக்கும். மாதம் நாற்பது லட்சம் எடுத்து நாற்பது லட்சம் கட்டினால் நான்காவது மாதத்தில் எடுத்ததன் கூட்டுத்தொகை 1 கோடியே 60 லட்சம். ஆனால் பாக்கி என்றுமே நாற்பது லட்சத்தைத் தாண்டவில்லை. "1 கோடியே 20 லட்சம் வரை கடன் பெற" என்று மட்டும் எழுதியிருந்தால், அந்த வரம்பு எதைக் குறிக்கிறது என்று தணிக்கையாளர் கேட்பார், நம்மிடம் பதில் இருக்காது. டேர்ம் லோன் அப்படிச் சுழலாது. கட்டிய தவணையை மறுபடி எடுக்க முடியாது. அதனால்தான் அதற்கு வெறும் "அசல்" என்று எழுதினேன்.

கேஷ் கிரெடிட்டையும் கியாரண்டியையும் ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ள வங்கி அனுமதித்திருந்தால், "இவ்விரண்டும் சேர்ந்து ரூ.1,45,00,000-க்குள், வங்கி அனுமதிக்கும் அளவில் மாற்றிக்கொள்ளலாம்" என்று ஒரு வரி சேருங்கள். அந்த வரி இல்லாமல் முப்பது லட்சத்துக்குக் கியாரண்டி எடுத்தால், மொத்த வரம்புக்குள் இருந்தாலும் போர்டின் அனுமதியை மீறியதாகிவிடும்.

வங்கிப் படிவத்தில் "வங்கி அவ்வப்போது அனுமதிக்கும் தொகை வரை" என்று இருந்தால் அதை அடித்துவிட்டு எண்ணை எழுதுங்கள். நான் பார்த்தவரை, காரணத்தைச் சொன்னால் கிளை மேலாளர்கள் ஒத்துக்கொள்கிறார்கள். எண் அவர்களுடைய அனுமதிக் கடிதத்தோடு ஒத்துப்போவதுதான் அவர்களுக்கு வேண்டும்.

இரண்டாம் பத்தி: ஈடு

> "மேற்கண்ட வசதிகளுக்கும் அவற்றின் வட்டி, கட்டணங்களுக்கும் ஈடாக, (அ) டேர்ம் லோனில் வாங்கப்படும் எந்திரங்கள் மீது ஹைப்பாதிகேஷன், (ஆ) கம்பெனியின் இப்போதைய, இனிவரும் சரக்குகள், வரவேண்டிய பாக்கிகள் மீது ஹைப்பாதிகேஷன், (இ) இணைப்பு 1-இல் விவரிக்கப்பட்ட தொழிற்கூட நிலம், கட்டடத்தின் மூலப்பத்திரங்களை ஒப்படைத்து உரிமைப்பத்திர அடமானம் ஆகியவற்றை வங்கிக்குச் சாதகமாக ஏற்படுத்தப் போர்டு ஒப்புதல் அளிக்கிறது. இணைப்பு 2-இல் உள்ள வாகனம் இந்த ஈட்டில் அடங்காது."

கடைசி வாக்கியத்தைக் கவனியுங்கள். வங்கிப் படிவங்களில் "கம்பெனியின் இப்போதைய, இனிவரும் அனைத்து அசையும் சொத்துகளும்" என்று இருக்கும். நம் டெலிவரி வண்டி ஏற்கெனவே வேறொரு வங்கிக்கு ஹைப்பாதிகேட் ஆகியிருக்கிறது, அதாவது பொருள் நம் கையிலேயே இருக்க, ஈட்டுரிமை மட்டும் வங்கிக்குப் போயிருக்கிறது. "அனைத்தும்" என்று எழுதிக் கையெழுத்திட்டால், ஏற்கெனவே ஈடு வைத்த பொருளை, பழைய வங்கியின் சம்மதமில்லாமல் புதிய வங்கிக்கும் முதல் உரிமையாகக் கொடுத்ததாகிவிடும். இரண்டு ஒப்பந்தங்களையும் ஒரே நாளில் மீறுகிறோம். கம்பெனி விவகார அமைச்சக இணையதளத்தில் நம் கம்பெனிப் பெயரில் பதிவாகியிருக்கும் சார்ஜ், அதாவது சொத்தின் மீதான ஈட்டுரிமைப் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு இந்தப் பத்தியை எழுதுவது அதனால்தான்.

நிலத்தை வெறும் முகவரியாக எழுதாதீர்கள். ஊர், வருவாய்க் கிராமம், சர்வே எண், பரப்பு, பத்திர எண், பதிவு அலுவலகம் எல்லாம் இணைப்பில் வரட்டும். பத்திரத்தில் இருக்கும் பரப்பும் பட்டாவில் இருக்கும் பரப்பும் வேறாக இருந்தால், தீர்மானத்தில் எதை எழுதுவது என்பதை வங்கியின் வழக்கறிஞரிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இயக்குநரின் வீடு மேலே உள்ள பட்டியலில் இல்லை. அது கம்பெனியின் சொத்து அல்ல. அதைக் கம்பெனியின் போர்டு ஈடு வைக்க முடியாது. வீட்டுக்காரர் தன் பெயரில், தானே கையெழுத்திட்டு அடமானம் செய்ய வேண்டும். தீர்மானத்தில், "திருமதி ஆ தமது சொந்தச் சொத்தை ஈடாகத் தர முன்வந்திருப்பதைப் போர்டு பதிவுசெய்கிறது" என்று மட்டும் எழுதினால் போதும். தொழிற்கூட நிலமே இயக்குநர் பெயரில் இருந்து, கட்டடம் மட்டும் கம்பெனி கட்டியதாக இருக்கும் கம்பெனிகள் நம் பக்கம் நிறைய. அங்கேயும் இதே கேள்வி வரும்: பத்திரத்தில் யார் பெயர்? அதைப் பார்க்காமல் "கம்பெனி நிலம்" என்று எழுதிவிடாதீர்கள்.

நிலைமை தலைகீழாக இருந்தால், அதாவது வேறொரு கம்பெனி வாங்கும் கடனுக்கு நம் சொத்தை ஈடு வைப்பதாக இருந்தால், இந்த வரைவு உதவாது. அங்கே பிரிவு 185, 186 வரும். பிரிவு 186-இன் கீழ் கூட்டத்துக்கு வந்த எல்லா இயக்குநர்களும் ஒருமனதாகச் சம்மதிக்க வேண்டும்.

மூன்றாம் பத்தி: கையெழுத்து

இரண்டு வருடங்களுக்கு முன் நான் எழுதிய ஒரு தீர்மானத்தில், நிர்வாக இயக்குநரும் நிதி மேலாளரும் கூட்டாகக் கையெழுத்திட வேண்டும் என்று இருந்தது. ஆவணங்களில் கையெழுத்துப் போட வேண்டிய வாரத்தில் நிதி மேலாளர் வேலையை விட்டுவிட்டார். மாற்று ஆள் பெயர் தீர்மானத்தில் இல்லை. மறுபடி முன்னறிவிப்பு, மறுபடி கூட்டம். எந்திரம் விற்றவர் விலையை நிறுத்திவைத்திருந்த கெடுவும் தாண்டிப்போனது. தவறு என்னுடையதுதான். அதற்குப் பிறகு மாற்றுப் பெயர் இல்லாமல் இந்தப் பத்தியை எழுதுவதில்லை.

> "வசதிகளுக்கான ஒப்பந்தங்கள், ஹைப்பாதிகேஷன் ஆவணங்கள், மற்ற அனைத்துக் கடன் ஆவணங்களிலும் நிர்வாக இயக்குநர் திரு. அ (டி.ஐ.என். ______), இயக்குநர் திருமதி ஆ (டி.ஐ.என். ______) ஆகிய இருவரும் கூட்டாகக் கையெழுத்திட அதிகாரம் அளிக்கப்படுகிறது. இருவரில் ஒருவர் இல்லாதபோது அவருக்குப் பதிலாக இயக்குநர் திரு. இ (டி.ஐ.என். ______) கையெழுத்திடலாம். மூலப்பத்திரங்களை ஈடு ஏற்படுத்தும் நோக்கத்தோடு வங்கியில் ஒப்படைக்கவும், அதற்குரிய குறிப்பாணையில் கையெழுத்திடவும் திரு. அ-வுக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது. இவர்களில் எவரும் பதவி விலகினால் அவருடைய அதிகாரம் அன்றே முடிவுறும். கம்பெனி அதை வங்கிக்கு எழுத்து மூலம் உடனே தெரிவிக்கும்."

பத்திரம் ஒப்படைப்பதைத் தனியாக எழுதியதற்குக் காரணம் உண்டு. உரிமைப்பத்திர அடமானத்தில் ஒரு மனிதர் வங்கிக்குப் போய், ஈடு வைக்கும் நோக்கத்தோடு பத்திரத்தைக் கையில் கொடுக்கிறார். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 58(எஃப்) பிரிவில் அடமானம் உருவாவது அந்தச் செயலில்தான். கம்பெனி சார்பாக அந்த நோக்கத்தோடு கொடுக்க இவருக்கு அதிகாரம் இருந்ததா என்பது பின்னால் கேள்வியாகக் கூடாது. அதனால் ஒருவர் பெயரைச் சொல்லியே எழுதுகிறேன்.

"மற்றும்" என்பதா "அல்லது" என்பதா என்று ஒவ்வொரு முறையும் நின்று பாருங்கள். வங்கிப் படிவத்தில் "தனித்தனியாகவோ கூட்டாகவோ" என்று அச்சாகியிருக்கும். அதை அப்படியே விட்டால் மூன்றே கால் கோடி ஆவணத்தில் ஒரே ஆள் கையெழுத்திடலாம்.

கடன் ஆவணத்தில் கையெழுத்திடுவது வேறு, அன்றாடம் கணக்கில் பணம் எடுப்பது வேறு. இரண்டாவதற்குத் தனிப் பத்தி:

> "கேஷ் கிரெடிட் கணக்கில் ஒரு பரிவர்த்தனைக்கு ரூ.10,00,000 வரை திரு. அ அல்லது திருமதி ஆ தனியாகவும், அதற்கு மேல் இருவரும் கூட்டாகவும் இயக்கலாம். மாதாந்திர சரக்கு, பாக்கி அறிக்கைகளில் கணக்கு மேலாளர் திரு. ஈ கையெழுத்திடலாம்."

நெட் பேங்கிங்கில் உள்ளிடுபவர், ஒப்புதல் தருபவர் என்று வங்கி கேட்கும் அமைப்பும் இதே எல்லைகளோடு பொருந்த வேண்டும். தீர்மானத்தில் பத்து லட்சம், கணினியில் ஐம்பது லட்சம் என்று இருப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

நான்காம் பத்தி: காலமும் மாற்றமும்

> "மேற்கண்ட வசதிகளை முதன்முறையாகப் பெறும் அதிகாரம் இத்தீர்மான நாளிலிருந்து பன்னிரண்டு மாதங்களுக்கு நடப்பில் இருக்கும். அதற்குள் கையெழுத்தான ஆவணங்களும் ஏற்பட்ட ஈடும் கடன் முழுதும் தீரும்வரை தொடரும். வரம்பை உயர்த்தாமலும் புதிய ஈடு சேர்க்காமலும் கேஷ் கிரெடிட்டையும் கியாரண்டியையும் புதுப்பிக்க மேற்கண்ட இருவரும் கூட்டாகக் கையெழுத்திடலாம். தொகை, ஈடு ஆகியவற்றில் எந்த மாற்றத்துக்கும் போர்டின் புதிய தீர்மானம் வேண்டும்."

காலக்கெடு வைக்கும்போது இரண்டாம் வாக்கியத்தை விட்டுவிட்டால், ஒரு வருடம் கழித்து ஈடும் காலாவதியாகிவிடுமோ என்று வங்கியின் வழக்கறிஞர் தாளைத் திருப்பி அனுப்புவார். அவர் கேட்பது நியாயமும்கூட.

கடைசியாக, சார்ஜ் பதிவுக்கான படிவத்தில் டிஜிட்டல் கையெழுத்திடவும், வங்கிக்குச் சான்றிட்ட நகல் தரவும் யாருக்கு அதிகாரம் என்று ஒரு வரி எழுதிவிடுங்கள்.

நிறைவேறிய பிறகு

தேதிகளின் வரிசை சரியாக இருக்க வேண்டும்: சேங்ஷன் லெட்டர், பிறகு போர்டு கூட்டம், பிறகு கடன் ஆவணங்கள். கூட்டத்துக்கு முந்தைய தேதியில் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தால், கையெழுத்திட்டவருக்கு அன்று அதிகாரமே இல்லை என்று ஆகும். கூட்டத்துக்குப் பிறகு வங்கி சேங்ஷனைத் திருத்தினால் பழைய தீர்மானத்தில் எண்ணையும் தேதியையும் மாற்றி ஒட்டாதீர்கள். புதிதாகக் கூட்டம் போடுங்கள்.

நடவடிக்கைக் குறிப்பை முப்பது நாளுக்குள் புத்தகத்தில் ஏற்றுங்கள். வங்கிக்குப் போகும் சான்றிட்ட நகலில், தீர்மானம் ரத்தாகாமல் இன்றும் நடப்பில் இருக்கிறது என்ற வரியும், சான்றளித்த தேதியும் இருக்கட்டும். கூடுமானவரை திரு. அ-வுக்கு அதிகாரம் தரும் நகலைத் திரு. அ-வே சான்றளிக்க விடாதீர்கள். வேறொரு இயக்குநரோ நிறுவனச் செயலரோ செய்யட்டும்.

பப்ளிக் கம்பெனி என்றால் இந்தப் போர்டு தீர்மானத்தை முப்பது நாளுக்குள் MGT-14 படிவத்தில் தாக்கல் செய்ய வேண்டும். பிரைவேட் கம்பெனிக்கு, மேலே சொன்ன தாக்கல் நிபந்தனைக்கு உட்பட்டு, விலக்கு உண்டு.

CHG-1 படிவத்திலிருந்து யாருக்கும் விலக்கு இல்லை. சார்ஜ் ஏற்பட்ட நாளிலிருந்து முப்பது நாளுக்குள் அதைப் பதிவாளரிடம் பதிய வேண்டும். எண்ணுவது ஆவணம் கையெழுத்தான அல்லது பத்திரம் ஒப்படைத்த நாளிலிருந்து, பணம் கணக்கில் விழுந்த நாளிலிருந்து அல்ல. தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னொரு முப்பது நாள், அதற்கும் பிறகு கடன் தொகைக்கேற்ற கட்டணத்தோடு இன்னொரு அறுபது நாள் வரை பதிவாளர் அனுமதிக்கலாம். பதியாத சார்ஜைக் கம்பெனி கலைப்பில் கலைப்பாளர் கணக்கில் எடுத்துக்கொள்ள மாட்டார். அதனால் வங்கியே நம்மை விரட்டும்.

பதிவானதும் CHG-2 சான்றிதழ் வரும். அதைக் கோப்பில் சொருகும் முன் தீர்மானத்தைப் பக்கத்தில் வைத்துத் தொகை, தேதி, நிலத்தின் சர்வே எண், எந்திரப் பட்டியல் நான்கையும் ஒப்பிடுங்கள். இணைப்பு 2-இல் விலக்கிய டெலிவரி வண்டி அந்தச் சொத்து விவரத்துக்குள் "அனைத்து அசையும் சொத்துகளும்" என்ற பெயரில் மறுபடி நுழைந்திருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். படிவத்தை நிரப்புபவர் வங்கியின் பழைய மாதிரியிலிருந்து எடுத்து ஒட்டும்போது அது நடக்கும். கண்டவுடன் திருத்தம் கேட்டு வங்கிக்கு எழுதுங்கள்.